ரத்த மாதிரி: நோயாளியின் கையிலிருந்து ஆய்வகப் பெட்டி வரை

சிறிய கிளினிக்கில் ரத்தம் எடுத்து, வெளியே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்காக இதை எழுதுகிறேன். சிறுநீர், சளி, திசு ஆகியவற்றுக்குத் தனி நடைமுறை உண்டு. இங்கே சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம் மட்டும்.

புதியவர்கள் ஊசி குத்துவதற்குத்தான் அஞ்சுகிறார்கள். அது சில வாரங்களில் கைவந்துவிடும். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை ஊசிக்கு முன்போ பின்போ நடந்தவை. கெட்டுப்போன மாதிரி பல நேரம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இயந்திரமும் அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை மருத்துவர் நோய் என்று நம்புவார். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

## 1. முதல் நோயாளி வருவதற்கு முன்

தட்டில் இருக்க வேண்டியவை: கையுறை, டூர்னிக்கெட் பட்டை, 70 சதவீத ஆல்கஹால் துடைப்பான், ஊசிகள், குழாய்கள், உலர்ந்த பஞ்சு, ஒட்டுப்பட்டை, லேபிள், அழியாத மை பேனா. ஊசிக் கழிவுப் பெட்டி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசியை ஏந்திக்கொண்டு இரண்டு அடி நடப்பதும் ஆபத்துதான்.

குழாய்களின் காலாவதி நாளைப் பாருங்கள். வெற்றிடக் குழாய்க்குள் இருக்கும் உறிஞ்சுவிசை நாளாக நாளாகக் குறையும். காலாவதியான குழாயில் ரத்தம் பாதியில் நின்றுவிடும். சிரை சரியில்லை என்று நினைத்துப் புதியவர் ஊசியை அசைக்கத் தொடங்குவார். நோயாளிக்கு வலிதான் மிஞ்சும்.

ஆய்வகத்து ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் காலையிலேயே உறுதி செய்யுங்கள். பின்னால் வரும் நேரக் கணக்குகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

## 2. ஆளை உறுதி செய்தல்

“நீங்கள் முருகனா?” என்று கேட்காதீர்கள். காய்ச்சலில் இருப்பவரும் காது மந்தமானவரும் அதற்கு “ஆமாம்” என்று தலையசைத்துவிடுவார்கள். “உங்கள் முழுப்பெயர் சொல்லுங்கள், பிறந்த தேதி சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த படி. பிறந்த தேதி தெரியாதவரிடம் கிளினிக் பதிவு எண் உள்ள அட்டையைக் கேளுங்கள்.

பிறகு மூன்று கேள்விகள்: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? ரத்தம் எடுக்கும்போது எப்போதாவது மயங்கியதுண்டா? மூன்றாவதற்கு “ஆம்” என்றால் படுக்க வைத்து எடுங்கள்.

கையில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் மறு கையில் எடுக்க வேண்டும். டிரிப்புக்கு மேலே எடுத்த ரத்தத்தில் அந்தத் திரவமும் கலந்து வரும். குளுக்கோஸ் டிரிப் என்றால் நீரிழிவே இல்லாதவருக்கும் சர்க்கரை தாறுமாறாகக் காட்டும். இரண்டு கையிலும் டிரிப் இருந்தால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்; மருத்துவரைக் கேளுங்கள்.

## 3. பட்டை கட்டுவதும் ஊசி போடுவதும்

பட்டையைக் குத்தும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கட்டுங்கள். கட்டியதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் வரத் தொடங்க வேண்டும். வந்ததும் பட்டையை அவிழ்க்கலாம். அதிக நேரம் கட்டியிருந்தால் நீர் மட்டும் சிரையை விட்டு வெளியேறும். புரதமும் அணுக்களும் உள்ளே செறிவாகும். சிரையைத் தேடியே ஒரு நிமிடம் கடந்துவிட்டால் பட்டையைத் தளர்த்தி, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கட்டுங்கள்.

“கையை மூடி மூடித் திறங்கள்” என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தசை வேலை செய்தால் பொட்டாசியம் அதிலிருந்து ரத்தத்துக்கு வரும். கையை ஒருமுறை மென்மையாக மூடி வைத்தால் போதும்.

ஆல்கஹால் தடவிய பிறகு 30 வினாடி உலர விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரிச்சலாக இருக்கும், கிருமியும் முழுதாகச் சாகாது, ஆல்கஹால் ஊசிமுனை வழியே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கவும் கூடும். ஊதி உலர்த்துவது கூடாது.

சிரிஞ்சில் எடுப்பவர்கள் தண்டை மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தாலும், பிறகு குழாய்க்குள் அழுத்தித் தள்ளினாலும் சிவப்பணு உடையும். சிரிஞ்ச் ஊசியைக் குழாய் மூடியில் குத்தி ஏற்றவும் கூடாது. அப்போதுதான் ஊசி கையில் ஏறுகிறது. மாற்றும் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஊசியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, மூடியைத் திறந்து, குழாயின் உள்சுவர் வழியே ரத்தத்தை வழிய விடுங்கள். ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், எந்தச் சூழலிலும்.

## 4. குழாய்களின் வரிசை

இந்த நடைமுறையில் மனப்பாடமாக இருக்க வேண்டிய பகுதி இதுதான். மூடியின் நிறப்படி வரிசை:

1. இளநீலம் – சிட்ரேட் – உறைதல் சோதனைகள்
2. சிவப்பு அல்லது மஞ்சள் – சீரம் – சிறுநீரகம், கல்லீரல், உப்புகள், தைராய்டு
3. பச்சை – ஹெப்பாரின் – பிளாஸ்மா
4. ஊதா – ஈடிடிஏ – ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை
5. சாம்பல் – ஃபுளோரைடு – சர்க்கரை

ரத்தக் கிருமி வளர்ப்புப் புட்டி இருந்தால் அது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.

ஒரு குழாயில் இருக்கும் மருந்து ஊசியின் வழியே அடுத்த குழாய்க்குத் துளியளவு போகலாம் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். ஊதாக் குழாயில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் உறையாமல் தடுக்கிறது. அதில் கொஞ்சம் மஞ்சள் குழாய்க்குள் போனால் பொட்டாசியம் உயர்ந்தும் கால்சியம் தாழ்ந்தும் காட்டும். அதனால்தான் ஊதா எப்போதும் மஞ்சளுக்குப் பின்னால். நிறத்தை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

இளநீலக் குழாயைக் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கில் அது செய்யப்பட்டிருக்கிறது. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிகும்; ரத்தம் உறைய அதிக நேரம் ஆவதாக முடிவு வரும். அதைப் பார்த்து ஒருவருடைய மருந்தளவை மருத்துவர் குறைத்துவிடக்கூடும். பட்டர்ஃபிளை ஊசியில் எடுக்கும்போது அதன் நீண்ட குழலில் இருக்கும் காற்றுதான் முதல் குழாயில் நுழையும். அப்போது மருந்தில்லாத ஒரு குழாயையோ இன்னொரு இளநீலக் குழாயையோ முதலில் பொருத்தி, காற்றைப் போக்கி, அதை எறிந்துவிட்டு உண்மையான குழாயைப் பொருத்துங்கள்.

ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தத்தை ஊற்றி அளவைச் சரிக்கட்டாதீர்கள். இரண்டும் ரத்தம்தானே என்று தோன்றும். அதன் விளைவைக் கடைசிப் பகுதியில் ஒரு நிகழ்வாகவே எழுதியிருக்கிறேன்.

## 5. உடனே கலக்குதல், அங்கேயே லேபிள்

குழாய் நிரம்பியதும் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அது ஒரு முறை. இளநீலத்துக்கு 3 முதல் 4 முறை, மஞ்சளுக்கு 5, பச்சை, ஊதா, சாம்பல் மூன்றுக்கும் 8 முதல் 10. மணிக்கட்டு மட்டும் மெதுவாகத் திரும்பட்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும்.

புதியவர்கள் எல்லாக் குழாயையும் எடுத்து முடித்த பிறகே கலக்குகிறார்கள். அதற்குள் ஊதாக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் உண்டாகிவிடும். தட்டணுக்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும். எண்ணிக்கை குறைவாக வரும். டெங்குக் காய்ச்சல் காலத்தில் இப்படி ஒரு பொய்க்குறைவு ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிடும். இடது கையில் அடுத்த குழாய் நிரம்பும்போது வலது கையில் முந்தைய குழாயைக் கவிழ்க்கப் பழகுங்கள்.

லேபிளை நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ரத்தம் எடுத்த பின் ஒட்டுங்கள். முழுப்பெயர், பதிவு எண், தேதி, எடுத்த நேரம், உங்கள் சுருக்கொப்பம். முன்கூட்டியே ஒட்டி வைத்த வெற்றுக் குழாய் வேறொருவருடைய கைக்குப் போகும். பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்தால் இரண்டு பேருடையது மாறும். நிரப்பிய கோடு தெரியும்படியும், உள்ளே பார்க்க ஒரு பக்கம் திறந்திருக்கும்படியும் ஒட்டுங்கள்.

நேரம் எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் அடுத்த படியைச் செய்யவே முடியாது.

## 6. உறைய விடுதல், சுழற்றுதல்

மஞ்சள் மூடிக் குழாயைத் தாங்கியில் நிமிர்த்தி, அறை வெப்பத்தில் 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். உறைவைத் தூண்டும் பொருள் இல்லாத சிவப்பு மூடிக் குழாய்க்கு 60 நிமிடம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருடையது இன்னும் தாமதிக்கலாம்; குழாயைச் சற்றுச் சாய்த்துப் பார்த்து, ரத்தம் வழியாமல் நின்றால்தான் உறைந்தது என்று பொருள்.

அவசரப்பட்டுச் சுழற்றினால் சீரத்தில் நூல்போல ஃபைப்ரின் மிதக்கும். அது இயந்திரத்தின் உறிஞ்சு முனையை அடைக்கும். தாமதித்தாலும் கேடுதான்: அணுக்கள் சீரத்தோடு இருக்கும் வரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம். ஆகவே ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி முடிக்க வேண்டும். சாம்பல் குழாயில் உள்ள ஃபுளோரைடு இந்தத் தின்னலைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதுவும் முழுதாக வேலைசெய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதால், சாம்பல் குழாய்தானே என்று அலட்சியமாக வைக்காதீர்கள்.

சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிர்க் குழிகளில் ஒரே எடையுள்ள குழாய்கள் இருக்க வேண்டும். ஒரே ஒரு மாதிரி இருந்தால் அதே வகைக் குழாயில் அதே உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி எதிரில் வையுங்கள். இயந்திரம் ஆடினால் உடனே நிறுத்துங்கள். ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

மஞ்சள் மூடி ஜெல் குழாய்க்குப் பொதுவாக 1000 முதல் 1300 g விசையில் 10 நிமிடம். உங்கள் குழாய்ப் பெட்டியில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே விதி. இங்கே பலர் குழம்புவார்கள். g என்பது விசை, இயந்திரத்தின் திருகில் இருப்பது நிமிடச் சுற்று. இரண்டையும் இணைக்கும் கணக்கு:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
```

இதில் RCF என்பது g விசை, rpm என்பது நிமிடச் சுற்று, r என்பது சுழலும் அச்சின் நடுவிலிருந்து குழாயின் அடி வரை உள்ள தூரம், சென்டிமீட்டரில். அது 12 செ.மீ. என்றால் 1200 g பெற நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று வேண்டும். வேறு கிளினிக்கில் பார்த்த எண்ணை இங்கே வைக்காதீர்கள். அந்த இயந்திரத்தின் கை நீளம் வேறாக இருக்கும். நம் இயந்திரத்துக்கான எண்ணை ஒருமுறை கணக்கிட்டு, மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

நின்றதும் பாருங்கள். கீழே சிவப்பணு, நடுவில் கோணலில்லாத ஜெல், மேலே வைக்கோல் நிறச் சீரம். சீரம் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்திருக்கும். அந்த மாதிரியை அனுப்பாமல் மறுபடி எடுங்கள். மறுமுறை எடுத்ததும் சிவப்பாகவே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; உடலுக்குள்ளேயே அணுக்கள் உடையும் நோய்களும் உண்டு.

ஜெல் குழாயை இரண்டாவது முறை சுழற்றக் கூடாது. முதல் சுற்றில் ஜெல்லுக்குக் கீழே தங்கியிருந்த சிறிதளவு திரவம், அணுக்களிலிருந்து கசிந்த பொட்டாசியத்தோடு மேலே ஏறிவிடும்.

## 7. வைத்திருத்தல்

இந்தப் பகுதிக்கு ஒரே எச்சரிக்கை: சுழற்றாத மஞ்சள் குழாயைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்.

குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்ற வீட்டு அனுபவம் இங்கே ஏமாற்றுகிறது. சிவப்பணுவின் சவ்வில் உள்ள ஒரு பம்பு, பொட்டாசியத்தை ஓயாமல் அணுவுக்குள் இழுத்து வைக்கிறது. குளிரில் அந்தப் பம்பு நின்றுபோகும்; பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். அணு உடைவதில்லை, ஆகவே சீரம் தெளிவாகவே இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாலையில் எடுத்துச் சுழற்றாமல் இரவு முழுவதும் குளிரில் வைத்த மாதிரிதான் காலையில் ஆளையே பயமுறுத்தும் எண்ணைத் தரும்.

சுழற்றி முடித்த ஜெல் குழாயை 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம். ஊதாக் குழாய் அன்றே போய்விடும் என்றால் அறை வெப்பம் போதும்; உறைநிலைக்குப் போகவே கூடாது. இளநீலக் குழாயும் அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும்; அதிலும் ஏபிடிடி சோதனை கேட்டிருந்தால் 4 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். ஆள் வரும் நேரம் அதைத் தாண்டுமென்றால் நோயாளியை வேறு நேரத்துக்கு வரச்சொல்வதே நேர்மை.

மாதிரி வைக்கும் குளிர்பெட்டியில் உணவுக்கு இடமில்லை. வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதுங்கள்.

## 8. ஒப்படைத்தல்

ஒவ்வொரு குழாயையும் நிமிர்ந்த நிலையில், கசியாத பையில், உறிஞ்சும் தாளோடு வைத்து, அதைக் கெட்டியான வெளிப்பெட்டிக்குள் வையுங்கள். சீட்டு பையின் வெளி அறையில் இருக்கட்டும். குழாய் கசிந்தால் எழுத்து நனையக் கூடாது. பனிக்கட்டிப் பொதி குழாயைத் தொடாமல் இடையில் துணியோ அட்டையோ இருக்க வேண்டும். தொட்டால் அந்தப் பக்கம் உறைந்து அணுக்கள் உடைந்துவிடும்.

எடுத்துச் செல்பவர் முன்னிலையில் குழாய்களை எண்ணுங்கள். எண்ணிக்கை, நேரம், இருவர் ஒப்பம் மூன்றும் பதிவேட்டில். மறுநாள் “அந்தக் குழாய் எங்களுக்கு வரவே இல்லை” என்று தொலைபேசி வரும்போது, அந்த ஒரு வரிதான் நம்மிடம் இருக்கும் ஆதாரம்.

## 9. சிந்தினால், குத்தினால்

சிந்திய ரத்தத்தின் மேல் உறிஞ்சும் தாள் போட்டு, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்றி, 10 நிமிடமாவது விட்டுத் துடையுங்கள்.

ஊசி உங்கள் கையில் குத்தினால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிழிய வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். உடனே, அந்த மணியிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் அது தொடங்கப்படுவதில்லை. திட்டுவார்களோ என்று மறைத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இதில் திட்டு கிடையாது.

## 10. முடிவு நோயாளியோடு பொருந்தாதபோது

ஒரு மாலை ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்கு வந்த நடுவயதுக்காரர். பொட்டாசியம் 8.2, இயல்பு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. அந்த அளவு உண்மையென்றால் இதயம் எந்த நேரமும் நிற்கலாம். அழைப்பை எடுத்தவர் எண்ணை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி உறுதி செய்து, அடுத்த நிமிடமே மருத்துவரிடம் சொன்னார். அதுதான் முறை. மாதிரிப் பிழையாக இருக்கும் என்று நாமே தீர்மானித்துத் தள்ளிவைக்கக் கூடாது.

மருத்துவர் அவரை உடனே வரவழைத்தார். நடந்தே வந்தார், தளர்ச்சி எதுவும் இல்லை. ஈசிஜி இயல்பாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்பினோம்.

காத்திருந்த நேரத்தில் முதல் அறிக்கையின் மற்ற வரிகளைப் பார்த்தோம். கால்சியம் 3.8, இயல்பு 8.5க்கு மேல். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸும் மிகவும் தாழ்ந்திருந்தது. பொட்டாசியம் மேலே, கால்சியமும் இந்த நொதியும் கீழே என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஈடிடிஏவின் கைரேகை. பொட்டாசியத்தைக் கூட்டுவதும் அதுவே. கால்சியத்தைப் பிடிப்பதும், அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பறிப்பதும் அதுவே. அணு உடைந்திருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும், ஆனால் கால்சியம் இப்படி விழுந்திருக்காது. இரவுக் குளிரில் வைத்திருந்தாலும் அப்படித்தான்.

ரத்தம் எடுத்த புதிய பணியாளரிடம் அமைதியாகக் கேட்டோம். மஞ்சள் குழாயில் 3 மில்லி வந்ததும் ரத்தம் நின்றுவிட்டது. நோயாளியை மறுபடி குத்த மனமில்லை. ஊதாவில் தாராளமாக இருந்ததால் அதிலிருந்து ஒரு மில்லி ஊற்றினார். கணக்கும் பொருந்தியது. ஊதாக் குழாயில் உள்ள ஈடிடிஏ, பிளாஸ்மாவில் லிட்டருக்கு ஏறக்குறைய 16 மில்லிமோல் பொட்டாசியத்தைக் கூட்டும். நான்கில் ஒரு பங்கு கலந்தால் கூடுவது ஏறக்குறைய 4. இரண்டாவது மாதிரியின் பொட்டாசியம் 4.3 என்று வந்தது.

அவர் செய்தது இரக்கத்தால். மஞ்சள் குழாயில் 3 மில்லி இருந்தாலே அந்தச் சோதனைகளுக்குப் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் குறை. அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைத் தொகுப்புக்கும் தேவையான குறைந்த அளவை ஆய்வகத்தில் கேட்டு எழுதி, ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறோம். ரத்தம் குறைந்தால் முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். அளவு போதாவிட்டால் நோயாளியிடம் உள்ளதைச் சொல்லி, மறு கையில் எடுக்க அனுமதி கேளுங்கள். இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் மூன்றாவது முறை வேறொருவர் எடுக்கட்டும்.